பரோட்டா கடை போர்டில் ஆறு அயிட்டம் போதுமா? விருதுநகர் கணக்கு சொல்வது என்ன?

விருதுநகர் என்றாலே எண்ணெய் பரோட்டாதான் ஞாபகத்துக்கு வரும். அந்தப் பக்கம் புதுசா ஒரு சின்ன ரோட்டுக்கடை போடுபவருக்கு ஆறு அயிட்டம் தாராளம்: எண்ணெய் பரோட்டா, சாதா பரோட்டா, கொத்து, ஆம்லெட், கலக்கி, மட்டன் சுக்கா. "வேற என்னண்ணே இருக்கு?" என்று கேட்பவருக்கு இது குறையாகத் தெரியலாம். ஆனால் கடை நிற்பதே இந்தச் சின்னப் பட்டியலில்தான்.

ஒரு கிலோ மைதாவில் தண்ணீர், எண்ணெய் எல்லாம் சேர்ந்தால் சுமார் ஒன்றரை கிலோ மாவு வரும். 70 கிராம் உருண்டை என்றால் இருபது தேறும். 5 கிலோ மைதாவுக்கு நூறு உருண்டை. அது பொரியப் போகிறதா, கல்லில் வேகப் போகிறதா, கொத்தாகப் போகிறதா என்பதை ஆர்டர் வந்த பிறகு முடிவு செய்தால் போதும். மட்டனிலும் இதே கதைதான். கறி சுக்காவுக்கு, எலும்பு சால்னாவுக்கு. அந்த சால்னா பரோட்டாவுக்கும் போகும், கொத்துக்கும் போகும், கலக்கியிலும் ஒரு கரண்டி விழும்.

இங்கே ஃபிரைடு ரைஸை சேர்த்துப் பாருங்க. முட்டைக்கோஸ், குடைமிளகாய், சோயா சாஸ், வடித்த சோறு என நாலு புதுச் சரக்கு. பத்து பிளேட்டுக்கு வடித்து நாலுதான் போனது என்றால், மிச்சச் சோற்றை மற்ற ஆறு அயிட்டத்தில் எதுவும் வாங்கிக்கொள்ளாது.

ஒரே சால்னாவை நம்புவதில் ஆபத்தும் உண்டு. அது கெட்டால் கடையே படுத்துவிடும். சீக்கிரம் புளிப்பது தேங்காய் அரைத்து ஊற்றிய சால்னாதான். ஓரத்தில் நுரை கட்டி, புளிப்பு வாசம் வந்தால் கொட்டிவிட வேண்டியதுதான். அதனால் வெங்காயம், தக்காளி, மசாலா வதக்கிய அடிச்சால்னாவைத் தனியாக வைத்துக்கொண்டு, தேங்காய் விழுதையும் எலும்புச் சாறையும் தேவைக்கேற்ப கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பது நல்லது. புரட்டாசியில் கறி கேட்பவர்கள் குறையும்போது, இதே அடியில் எலும்பில்லாமல் வெஜ் சால்னா ஆகிவிடும்.

சிவகாசி பக்கம் கடை என்றால் இது இன்னும் முக்கியம். தீபாவளிக்கு முன்பு பட்டாசு ஆலைகளில் வேலை மும்முரம், சாயங்காலம் கடையில் கூட்டம். தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரம் மூடிக்கிடக்கும். மழை பெய்தாலும் காயவைக்க வெயில் இல்லாமல் வேலை நிற்கும், கூலியும் நிற்கும். அன்றைக்கு ஆறு அயிட்டக் கடைக்காரர் போர்டைத் தொடவே வேண்டாம். 5 கிலோ மைதாவை 2 கிலோவாக்கி, கறியைப் பாதியாக்கினால் போதும். இருபது அயிட்டக் கடையில் ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்சச் சரக்கு வாங்கியே ஆக வேண்டும். நாலு பேர் வந்தாலும் முழு முட்டைக்கோஸைத்தான் வெட்டணும்.