‘முதலில் உன்னை நேசி’: சரியான அறிவுரையா?

“உன்னை நீ நேசித்தால்தான் பிறரை நேசிக்க முடியும்” என்னும் அறிவுரையை நாம் அடிக்கடி கேட்கிறோம். இதில் உண்மையும் உண்டு, தீங்கும் உண்டு.

முதலில் உண்மையைப் பார்ப்போம். ஒரு மாணவன் தன் நண்பன் கேட்கும்போதெல்லாம் வீட்டுப்பாடத்தைப் பார்த்தெழுதக் கொடுக்கிறான். அவன் கேலி செய்தாலும் சிரித்துச் சமாளிக்கிறான். மறுத்தால் நட்பு முறிந்துவிடுமோ என்று அஞ்சுகிறான். வெளியே அன்பாகத் தெரிவது உண்மையில் அச்சமே. “முடியாது” என்று சொல்லும் அளவுக்குத் தன்மதிப்பு இருந்தால்தான் அவன் அந்த நண்பனோடு உண்மையாகப் பழக முடியும். அவனுக்கு இந்த அறிவுரை பொருந்தும்.

இனி, படிவம் நான்கில் பயிலும் ஒரு மாணவியை எண்ணிப் பாருங்கள். தேர்வில் மதிப்பெண் குறைந்ததிலிருந்து அவளுக்குத் தன்மீதே வெறுப்பு. ஓய்வு நேரத்தில் தனியே அமர்கிறாள். தோழியர் அனுப்பும் குறுஞ்செய்திகளுக்குப் பதில் எழுதுவதில்லை. அவளிடம் இந்த அறிவுரையைச் சொன்னால், “என்னையே எனக்குப் பிடிக்கவில்லை, அப்படியானால் நட்புக்கும் நான் தகுதியற்றவள்” என்றுதான் புரிந்துகொள்வாள். நோய் குணமான பிறகே மருந்து தருவோம் என்று சொல்வதற்கு இது ஒப்பாகும். இங்கே தீங்கு செய்வது ‘முதலில்’ என்னும் சொல்லே.

அன்பு உண்மையில் எந்த வரிசையில் வளர்கிறது? மேரி எய்ன்ஸ்வொர்த் என்னும் உளவியலாளர் 1960களில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் கைக்குழந்தைகளை அவர்களின் வீடுகளுக்கே சென்று கவனித்தார். பின்னர், தாய் சிறிது நேரம் அறையை விட்டு வெளியேறித் திரும்பும்போது குழந்தை என்ன செய்கிறது என்றும் ஆராய்ந்தார். வீட்டில் தன் தேவைகளுக்குத் தாய் பரிவோடு செவிசாய்த்த குழந்தைகளுள் பெரும்பாலோர், திரும்பி வந்த தாயை நாடிச் சென்று, விரைவில் அமைதியடைந்து, மீண்டும் விளையாடத் தொடங்கினர். இத்தகைய குழந்தை, ‘பிறரை நம்பலாம்’ என்பதோடு ‘நான் அன்புக்கு உரியவன்’ என்பதையும் கற்றுக்கொள்கிறது என்று அவருடன் பணியாற்றிய ஜான் போல்பி விளக்கினார். ஆக, நம்மை நாம் நேசிக்கும் முன்பே வேறொருவர் நம்மை நேசித்துள்ளார்.

அத்தகைய அன்பு கிடைக்காதவர்களின் நிலை என்ன? குழந்தைப் பருவத்தோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. நம்பத்தக்க ஓர் ஆசிரியரோ நண்பரோ பின்னாளில் அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்யலாம்.

எனவே, அந்த மாணவியிடம் அறிவுரை சொல்வதைவிட அவள் அருகில் சென்று அமர்வதே மேல். அவளும் தன் தங்கைக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கலாம். தன்னை நேசிக்கக் கற்கும் வரை அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அவளுடைய மனச்சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால், தோழியரின் அன்பு மட்டும் போதாது. ஆலோசக ஆசிரியரிடம் அவளை அழைத்துச் செல்ல வேண்டும்.

தன்னை நேசிப்பதும் பிறரை நேசிப்பதும் ஒன்றாகவே வளர்பவை. ஒன்றை மற்றொன்றுக்கு நுழைவுத்தேர்வாக வைப்பது தவறு என்பதே என் கருத்து.