பழகிய கை ரெசின் விலையைக் குறைக்காது

“முதல் படகுக்குத்தான் பாடு. பிறகு கை பழகிவிடும், செலவு தானாக இறங்கும். மூன்று வருடத்துக்கும் ஒரே விலை எழுதுங்கள்.” பல வருட விநியோக ஒப்பந்தம் கேட்பவர்களும் கொடுப்பவர்களும் இதை நம்புகிறார்கள். பாதி உண்மை என்பதால்தான் இந்த நம்பிக்கை ஆபத்தானது.

கை பழகுவது மெய். விமானத் தொழிலில் மொத்த எண்ணிக்கை இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் சராசரி உழைப்பு நேரம் ஏறத்தாழ 20 சதவீதம் குறைவதை 1936இல் பொறியியலாளர் ரைட் எழுதிக் காட்டினார். ஆனால் குறைவது மணிநேரம் மட்டுமே. ரெசினும் கண்ணாடியிழைப் பாயும் எவ்வளவு பழகினாலும் ஏறக்குறைய அதே அளவு வேண்டும்.

தலவிலக் கரையில் ஏற்றி வைத்திருக்கும் பைபர் படகுகளைப் போன்ற 64 படகுகளுக்கு ஓர் ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்வோம். முதல் வருடம் 16, அடுத்தது 16, மூன்றாவது 32. முதல் படகுக்கு 200 மணிநேரம். கையால் பாய் விரித்து ரெசின் பூசும் வேலை என்பதால், இரட்டிப்புக்கு 10 சதவீதக் குறைவு போதும். அப்படியானால் படகுக்குச் சராசரி நேரம் வருடவாரியாக 131, 105, 94 என்று இறங்கும். மணிக்கு 500 ரூபாய்க் கூலி வருடம் 10 சதவீதம் ஏறினால், படகுக்கான கூலிச் செலவு சுமார் 65,600 ரூபாயிலிருந்து 57,200க்கு வருகிறது. மூன்று வருடப் பழக்கத்தின் பலன் 8,400 ரூபாய்!

மூலப்பொருளோ படகுக்கு 3 இலட்சத்தில் தொடங்கி, வருடம் 15 சதவீதம் ஏறினால் மூன்றாம் வருடம் 3,96,750. முதல் வருட அடக்கவிலையை அப்படியே எழுதிக் கையொப்பமிட்டவருக்கு ஒப்பந்தம் முடியும்போது ஏறத்தாழ 34 இலட்சம் நட்டம். அதிகப் படகுகள் கடைசி வருடத்தில் என்பதால் அடியும் அங்கேதான் விழுகிறது.

15 சதவீதம் மிகை என்று சொல்ல வேண்டாம். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. ரெசின் கப்பலில் வருகிறது.

ஆகவே விலையை மூன்றாகப் பிரித்து எழுத வேண்டும். மணிநேரத்தைப் பழக்கக் கணக்குப்படி முன்கூட்டியே குறைத்துவிடலாம். அந்தச் சலுகை வாங்குபவருக்கு உரியது. கூலி வீதம் ஒப்புக்கொண்ட குறியீட்டோடு ஏறட்டும். பொருளுக்கு அந்த மாத டொலர் வீதமும் இறக்குமதியாளரின் பற்றுச்சீட்டும் சாட்சி. இதை வாங்குபவர் மறுத்தால், விலையேற்றத்தின் முழு அபாயத்தையும் படகு கட்டுபவர் தலையில் ஏற்றுகிறார் என்றே பொருள்.

இன்னொரு பொறி ‘சராசரி விலை’. 64 படகுகளின் சராசரி 106 மணிநேரம். அதன்படி விலை பேசி, 16 படகோடு ஓடர் நின்றால், படகுக்கு 25 வீதம் 400 மணிநேரத்துக்குக் காசு வராது. இடையில் நிறுத்தினால் அந்த மணிநேரங்களுக்கும் பணம் தரவேண்டும் என்ற நிபந்தனை, முற்பணம் வாங்கும் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும்.