‘கட்டாரிலிருந்து வந்தவர்’ என்று எழுதினால் போதுமா?

நோன்புப் பெருநாள் முடிந்த இரண்டாவது கிழமை, அஸருக்குப் பிறகு கடையில் கணக்குப் பார்த்துக் கொண்டிருந்தேன். சாய்ந்தமருதைச் சேர்ந்த ஒரு தம்பி கையில் ஒரு தாளோடு வந்தார். பதினான்கு வருடம் டோஹாவில் ஏசி வேலை செய்தவர். 2022 உலகக் கிண்ணப் போட்டிகள் முடிந்த பிறகு கம்பனியில் வேலை குறைந்து, அடுத்த வருடமே ஊர் திரும்பி விட்டார். ஏசி, பிரிஜ் திருத்தும் கடையொன்றைத் திறக்கும் ஆயத்தத்தில் இருந்தார்.

“காக்கா, நோட்டீஸ் அடிக்கப் போறன். இத ஒருக்காப் பாருங்க” என்று தாளை நீட்டினார்.

அதில் எழுதியிருந்தது இதுதான்: “கட்டார் நாட்டில் 14 வருட சர்வதேச அனுபவம் பெற்ற எச்.வீ.ஏ.சீ. எஞ்சினியர். நாற்பது மாடிக் கட்டடங்களில் சில்லர் பிளான்ட் இயக்கியவர். நவீன முதலீட்டுடன் உங்கள் ஊரில்!”

வாசித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தேன். ஏனெனில் இதே பிழையை நானும் விட்டவன். 1999இல் சவூதியிலிருந்து வந்து கடை திறந்தபோது பெயர்ப்பலகையிலேயே ‘சவூதி’ என்று எழுத வைத்தேன். அதைப் பார்த்து வந்தவர்களில் பாதிப்பேர் கடன் கேட்க வந்தவர்கள். “உங்களுக்கென்ன காக்கா, வெளிநாட்டுக் காசு” என்பார்கள். மறுபக்கத்தில், கொழும்பிலிருந்து சாமான் தந்த ஒரு மொத்த வியாபாரி தன்னிடம் தேங்கிக் கிடந்ததையெல்லாம் என் தலையில் கட்டினார். எனக்குக் காசும் இருக்கிறது, சந்தை நிலவரமும் தெரியாது என்று அந்தப் பலகையே அவருக்குச் சொல்லிக் கொடுத்து விட்டது. கடன் கொப்பியில் நின்றுபோன தொகையில் இன்னொரு கடை போட்டிருக்கலாம். அந்தக் கதை இருக்கட்டும்.

வெளிநாட்டிலிருந்து வந்து தொழில் தொடங்குபவர் தன்னைப் பற்றி எழுதும் அறிமுகக் குறிப்பை இரண்டு வகையினர் வாசிக்கிறார்கள். ஒருவர் வாடிக்கையாளர், மற்றவர் சாமான் தருபவர். இருவருக்கும் தெரிய வேண்டியவை வெவ்வேறு. ஆனால் இருவர் மனதிலும் ஒரே சந்தேகம் உண்டு: இந்த ஆள் நாளைக்கு மறுபடியும் விமானம் ஏறிவிட்டால்? ஆறு மாதத்தில் ஏசி நின்று போனால் வாடிக்கையாளர் யாரிடம் போவது? திகதி போட்டுக் கொடுத்த செக் திரும்பி வந்தால் சாமான் கொடுத்தவர் யாரைப் பிடிப்பது? தம்பியின் தாளில் இதற்கு ஒரு சொல்லும் இல்லை. மாறாக, ‘சர்வதேச அனுபவம்’ என்ற சொல்லே, போனவர் இன்னொரு தடவையும் போவார் என்றுதான் வாசிப்பவருக்குச் சொல்கிறது.

முதலில் வாடிக்கையாளர் பக்கத்தைப் பார்த்தோம். “சில்லர் பிளான்ட் எங்கட ஊர்ல எத்தின பேர்ட்ட இருக்கு?” என்று கேட்டேன். சிரித்தார். இங்கே வீட்டில் அறைக்கு ஒரு சுவர் ஏசி, கடையில் ஒன்றிரண்டு, பார்மஸியில் ஒன்று. அவ்வளவுதான். “அங்க சுவர் ஏசி வேலை செய்யவே இல்லையா?” என்றேன். செய்ததாம். கம்பனி உத்தியோகத்தர்களின் வீட்டுத் தொகுதியொன்றில் இருநூறுக்கு மேற்பட்ட சுவர் ஏசிகளை ஐந்து வருடம் இவர்தான் கழுவியும் பழுதுபார்த்தும் வந்திருக்கிறார். “அது சின்ன வேல காக்கா, அதான் எழுதல” என்றார். எனக்குத் தலையில் அடித்துக் கொள்ளலாம் போலிருந்தது. ஊருக்குத் தேவையான ஒரே அனுபவத்தைச் சிறிய வேலை என்று ஒதுக்கிவிட்டு, ஊருக்குத் தேவையில்லாததைத் தலைப்பில் போட்டிருக்கிறார். அங்கே எது பெரிய வேலையாக மதிக்கப்பட்டதோ அதுவே இங்கேயும் மதிக்கப்படும் என்ற எண்ணத்தில், திரும்பி வருபவர்களில் பலர் இப்படித்தான் எழுதுகிறார்கள்.

இன்னும் கிண்டிக் கேட்டபோது மற்றொன்றும் வந்தது. டோஹாவும் கடற்கரைப் பட்டினம்தான். உப்புக் காற்றில் வெளி யூனிட்டின் மெல்லிய அலுமினியத் தகடுகள் எப்படித் தின்னப்பட்டுப் போகும், எத்தனை நாளைக்கொரு தடவை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும், வெளி யூனிட்டை எந்தப் பக்கம் திருப்பிப் பூட்டக் கூடாது என்பதெல்லாம் அவருக்குக் கைப்பாடம். மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை கடலோரமாக இருக்கும் வீடுகளுக்கு இதை விட வேறென்ன வேண்டும்?

‘எஞ்சினியர்’ என்பதை வெட்டினேன். அவர் டெக்னீசியன். எஞ்சினியரிங் படித்த பிள்ளைகள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கேள்வி கேட்டால் மற்ற உண்மைகளும் பொய்யாகிப் போகும். அத்தோடு எங்கள் சனம் எஞ்சினியரைக் கூப்பிட்டு ஏசி கழுவப் பயப்படும். ஏசி பாஸ் என்றால்தான் கூப்பிடும்.

அடுத்தது தரம். ‘தரமான சேவை’ என்று எழுதாத நோட்டீஸ் உண்டா? அதை யாரும் வாசிப்பதில்லை. வாடிக்கையாளர் தன் கண்ணாலேயே பார்த்து உறுதிசெய்யக் கூடிய ஒன்றைச் சொல்லுங்கள் என்றேன். தம்பி யோசித்து இரண்டு விடயங்களைச் சொன்னார்.

ஒன்று, புது ஏசி பூட்டும்போது செப்புக் குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வேக்கம் பம்ப் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். அதற்குப் பிறகே காஸைத் திறக்க வேண்டும். பலர் நேரம் மிச்சம் பிடிக்க, யூனிட்டில் உள்ள காஸிலேயே கொஞ்சத்தைத் திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள். அன்றைக்கு ஏசி குளிரத்தான் செய்யும். ஆனால் உள்ளே நின்ற ஈரம் எண்ணெயைக் கெடுத்து, கம்ப்ரசரின் ஆயுளைக் குறைத்துவிடும். இப்போது வரும் பல ஏசிகளில் இருக்கும் ஆர்-32 காஸ் தீப்பற்றக் கூடியது என்பதால், அதை இப்படித் திறந்துவிடுவது ஆபத்தும்கூட. பம்பைப் பூட்டினாரா இல்லையா என்பதை வீட்டுக்காரர் முற்றத்தில் நின்றே பார்த்துக் கொள்ளலாம்.

மற்றது, ஏசியில் உள்ள காஸ் பெற்றோல் போல ஓட ஓடத் தீர்ந்து போவதில்லை. குறைந்திருந்தால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். கசிவைத் தேடாமல் வருடா வருடம் காஸ் நிரப்பிக் காசு வாங்குபவர்கள் இருக்கிறார்கள். “நான் கசிவப் பிடிக்காம காஸ் போடமாட்டன்” என்றார் தம்பி. அதை அப்படியே எழுதச் சொன்னேன்.

கடைசியில் வாடிக்கையாளருக்கான குறிப்பு இப்படி அமைந்தது. பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் இங்கே விட்டுவிடுகிறேன்.

“சாய்ந்தமருதைப் பிறப்பிடமாகக் கொண்ட நான், கட்டாரில் 14 வருடம் ஏசி டெக்னீசியனாக வேலை செய்தேன். அதில் 5 வருடம் வீட்டுச் சுவர் ஏசிகளை மட்டும் பார்த்தேன். இப்போது குடும்பத்தோடு ஊரில் நிலையாக இருந்து, பிரதான வீதியில் என் சொந்தக் கட்டடத்தில் கடை நடத்துகிறேன். மருதமுனை முதல் நிந்தவூர் வரையும் சம்மாந்துறைக்கும் வருவோம். பழுதையும் விலையையும் சொல்லி, நீங்கள் சம்மதித்த பின்பே கை வைப்போம். புது ஏசிக்கு வேக்கம் பம்ப் போடாமல் காஸ் திறப்பதில்லை. கசிவைப் பிடிக்காமல் காஸ் நிரப்புவதில்லை. நாம் பூட்டிய இணைப்பில் 6 மாதத்துக்குள் கசிவு வந்தால் இலவசமாகச் செய்து தருவோம். கம்ப்ரசருக்கும் போர்டுக்கும் கம்பனி உத்தரவாதம் மட்டுமே.”

கடைசி வசனத்தைத் தம்பி விரும்பவில்லை. “ஆக்கள் பயப்படுவாங்க காக்கா” என்றார். நான் விடவில்லை. ‘6 மாத உத்தரவாதம்’ என்று மொட்டையாகப் போட்டால், மின்சாரம் கூடிக் குறைந்து போர்டு எரிந்தாலும் வாசலில் வந்து நிற்பார்கள். ஒரு போர்டின் விலை அவருடைய பத்து நாள் கூலியைத் தின்றுவிடும்.

‘முதலீடு’ என்ற சொல்லை இரண்டு குறிப்பிலிருந்தும் எடுத்துவிட்டோம். காரணம் மேலே சொன்ன என் கதைதான்.

சாமான் தருபவருக்கான குறிப்பில்தான் எதிர்பாராத சிக்கல் வந்தது. காஸ் சிலிண்டர், செப்புக் குழாய், கெபாசிட்டர் எல்லாம் கொழும்பிலிருந்து வரவேண்டும். அந்த வியாபாரிக்கு டோஹாவின் நாற்பது மாடி தேவையில்லை. பில் எந்தப் பெயரில் போடுவது, செக் எந்தப் பெயரில் வரும், ஆள் எங்கே இருப்பார் என்பவைதான் தேவை. தம்பியின் அடையாள அட்டையில் பெயர் ஒரு எழுத்துக்கூட்டலில் இருந்தது. கடவுச்சீட்டில் ‘முஹம்மது’ வேறு விதமாக, தகப்பன் பெயர் முழுதாக. கட்டார் சேவைச் சான்றிதழ் கடவுச்சீட்டுப் படி. வங்கிக் கணக்கோ வெளிநாடு போகுமுன் திறந்தது, முதலெழுத்துகள் மட்டும். ஒரே மனிதன், தாளில் மூன்று பேர்! எங்கள் ஊர்களில் இது புதினமில்லை. ஆனால் முன்பின் தெரியாத ஒரு கொழும்பு முதலாளி இதைப் பார்த்தால் சாமானை லொறியில் ஏற்றமாட்டார்.

ஆகவே குறிப்பை எழுதுவதை நிறுத்திவிட்டு முதலில் பதிவைச் செய்யச் சொன்னேன். கிராம உத்தியோகத்தரிடம் உறுதிப்படுத்தி, பிரதேச செயலகத்தில் அடையாள அட்டைப் பெயரிலேயே வியாபாரப் பெயரைப் பதிந்தார். அந்தப் பதிவைக் காட்டி வியாபாரப் பெயரில் நடைமுறைக் கணக்கொன்றைத் திறந்தார். பிறகுதான் எழுதினோம்:

“மேற்படி வியாபாரப் பெயர் பிரதேச செயலகத்தில் பதியப்பட்டது, பிரதி இணைப்பில். உரிமையாளர் பெயர் அடையாள அட்டையில் உள்ளவாறு. பில்லும் செக்கும் வியாபாரப் பெயரில் மட்டுமே. சேவைச் சான்றிதழில் பெயரின் எழுத்துக்கூட்டல் கடவுச்சீட்டின்படி உள்ளது, இருவரும் ஒருவரே. கடை சொந்தக் கட்டடம். முதல் மூன்று மாதங்கள் காசுக்கே கொள்வனவு செய்வோம். அதன் பின் எமது கொள்வனவைப் பார்த்துக் கடன் தவணை பற்றிப் பேசலாம். விசாரிக்க: கல்முனை பஸாரில் இரண்டு வியாபாரிகளின் பெயரும் இலக்கமும் கீழே.”

தமிழில் எழுதியதைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி எடுத்தார். கட்டாரில் இருந்த மனேஜரின் இலக்கத்தைப் போடவா என்று கேட்டார். கொழும்பிலிருந்து யார் டோஹாவுக்கு அழைத்து விசாரிக்கப் போகிறார்கள்? பக்கத்துக் கடைக்காரரின் ஒரு சொல்லுக்குத்தான் இங்கே மதிப்பு. ஆனால் அவர்களிடம் சம்மதம் கேட்காமல் பெயரைப் போடக் கூடாது. மூன்று மாதம் காசுக்கு என்ற வரியைப் பற்றியும் தயங்கினார். 2022 நெருக்கடியில் அடிபட்ட வியாபாரிகள் புது ஆளுக்கு எப்படியும் கடன் தரப் போவதில்லை. கேட்டு இல்லையென்று சொல்ல வைப்பதை விட, கேட்காமல் இருப்பது நல்லது.

சான்றிதழ் விடயத்தில் ஒன்று மிச்சம் இருக்கிறது. படிக்காமல் வேலை செய்தே கற்றவர்களின் அனுபவத்தைப் பரிசோதித்து என்.வீ.கியூ. வழங்கும் முறை நாட்டில் உண்டு. வேலைச் சான்றுகளைக் காட்டி, மதிப்பீட்டாளர் முன் செய்துகாட்ட வேண்டும். தம்பி அதற்கு விண்ணப்பித்திருக்கிறார். கிடைக்கும்வரை அதைக் குறிப்பில் எழுதவில்லை. ‘விண்ணப்பிக்கப்பட்டுள்ளது’ என்று எழுதுவது, பெண் பார்த்தவுடன் கல்யாணப் பத்திரிகை அடிப்பது போல.

விசாரிக்கக் கொடுத்த இரண்டு இலக்கங்களில் ஒன்று என்னுடையது. போன வாரம் கொழும்பிலிருந்து ஒருவர் எடுத்தார். தம்பியின் வேலையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. “கட்டட ஒறுதி அவர்ட பேர்லயா, மனிசிட பேர்லயா?” என்று மட்டும் கேட்டார். மனைவியின் சீதன வளவு அது. ‘என் சொந்தக் கட்டடம்’ என்ற வரியை இப்போது ‘எமது குடும்பக் கட்டடம்’ என்று மாற்றிக் கொண்டிருக்கிறோம்.