இரவுக்கு ஒரு பாட்டு போதும்



கணவர் சிங்கப்பூரில், மனைவி இங்கே என்று இருக்கும் வீடுகள் நம்மில் பல. இரவு வீடியோ காலில் "சாப்பிட்டாச்சா?" முடிந்ததும் பேச்சு வற்றிவிடுகிறது. அப்போது ஒரு பாட்டைச் சேர்ந்து கேளுங்கள் என்பேன். ஒன்றே ஒன்று. இங்கே மணி 10 என்றால் அங்கே 12.30. காலையில் வேலைக்குப் போகிறவரைப் பத்துப் பாட்டுக்கு விழிக்க வைப்பது அன்பாகாது.

ஒருவர் போனில் பாடுவதை மற்றவர் அழைப்பு வழியே கேட்டால் நன்றாக இராது. பேச்சைத் தெளிவாக்கும் ஏற்பாடு இசையை இரைச்சலாக நினைத்து அமுக்கிவிடும்; பாட்டு விட்டு விட்டு வரும். அதனால் லிங்க்கை அனுப்பி, மைக்கை அணைத்து, கையசைத்து, அவரவர் வீட்டில் இன்னொரு போனில் போடுங்கள். ஒரு நொடி முன்பின் ஆனாலும் முகம் பார்த்துக் கேட்கலாம்.

சேர்ந்து பாட ஆசையா? குரல் சற்றுத் தாமதமாகவே போய்ச் சேரும்; ஒரே நேரத்தில் பாடினால் தாளம் குலையும். மாற்றி மாற்றிப் பாடுங்கள். 'பாலும் பழமும்' (1961) படத்தில் டி.எம்.எஸ்., சுசீலா பாடிய 'நான் பேச நினைப்பதெல்லாம்' போன்ற ஜோடிப்பாட்டு அதற்குத் தோது.

இன்று ஒருவர் தேர்வு, நாளை மற்றவர் தேர்வு. ஏன் இந்தப் பாட்டு என்று தேர்ந்தவர் சொல்ல வேண்டும். நின்றுபோன பேச்சு அங்கேதான் மறுபடி தொடங்கும்.