பொட்டல மாவா, சக்கி மாவா?

தில்லியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் சமையலறையில் பெரும்பாலும் இரண்டு வகை மாவுகளைக் காணலாம். ஒன்று, இட்லிக்கும் தோசைக்கும் வீட்டிலேயே ஆட்டி எடுக்கும் ஈரமாவு. மற்றொன்று, சப்பாத்திக்குரிய கோதுமை மாவு. முன்னதை ஆட்டுவதில் தலைமுறைகளாக வந்த அறிவு துணை நிற்கிறது. பின்னதைப் பொறுத்தவரை அத்தகைய பழக்கம் பல வீடுகளில் இல்லை. அதனால் கடையில் பொட்டலமாக விற்கும் மாவை வாங்குவதா, தெருமுனைச் சக்கியில் கோதுமையை அரைத்துக்கொள்வதா என்னும் கேள்வி அடிக்கடி எழுகிறது.

புதுமை, செலவு, நார்ச்சத்து ஆகிய மூன்றையும் சீர்தூக்கிப் பார்த்தால், நடந்து செல்லும் தொலைவில் நல்ல சக்கி உள்ள குடும்பத்துக்கு அரைத்துக்கொள்வதே ஏற்றது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அரைத்துவந்த மாவை நுண்ணிய சல்லடையில் சலித்துத் தவிட்டை எறிந்துவிடக் கூடாது. எறிந்தால், மூன்று நன்மைகளுள் இரண்டு கைநழுவிப் போகும்.

இதனை உணர, கோதுமை மணியின் அமைப்பை அறிதல் வேண்டும். மணியின் மேற்புறத்தைப் போர்த்தியிருப்பது தவிடு. மணியின் எடையில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு அது. உள்ளே பெரும்பகுதியாக இருப்பது வெண்ணிற மாவுப்பகுதி. ஓர் ஓரத்தில் சிறிய முளை இருக்கிறது. நார்ச்சத்தில் பெரும்பங்கு தவிட்டிலும், எண்ணெய்ப் பசை முளையிலும் உள்ளன. இம்மூன்றும் சேர்ந்து அரைபட்டால் அது முழுக்கோதுமை மாவு. தவிட்டையும் முளையையும் நீக்கி வெண்பகுதியை மட்டும் அரைத்தால் அது மைதா.

தமிழர் வீடுகளில் மாவைச் சலிக்கும் வழக்கம் அரிசியிலிருந்து வந்தது. இடியாப்பத்துக்கும் முறுக்குக்கும் அரிசியை ஊறவைத்து, உலர்த்தி, இடித்தோ அரைத்தோ சலிப்பர். சல்லடையில் தங்குவது கப்பி. அதுவும் அரிசியே ஆதலால், மீண்டும் அரைத்துச் சேர்த்துக்கொள்வர். எதுவும் வீணாவதில்லை. அரிசியின் தவிடு ஆலையில் தீட்டும்போதே நீங்கிவிட்டது. கோதுமையோ தவிட்டுடனேயே சக்கிக்குள் செல்கிறது. எனவே கோதுமை மாவைச் சலிக்கும்போது சல்லடையில் தங்குவது கப்பி அன்று, அது தவிடு. இந்தியில் அதனைச் சோக்கர் என்பர். அரிசிக்குப் பொருந்திய பழக்கம் கோதுமைக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

இனி, மூன்று அளவுகோல்களுள் முதலாவதான புதுமையைப் பார்க்கலாம். கோதுமை மணியாக இருக்கும்வரை முளையிலுள்ள எண்ணெய் காற்றுப் படாமல் பாதுகாப்பாக இருக்கிறது. அரைத்தவுடன் அது மாவெங்கும் பரவுகிறது. காற்றும் வெப்பமும் பட, எண்ணெய் சிறிது சிறிதாகக் கெடத் தொடங்குகிறது. பழைய எண்ணெயின் வாடை, நாக்கில் இலேசான கசப்பு ஆகிய இரண்டும் அதன் அடையாளங்கள். தில்லியின் மே, சூன் மாத வெயிலில் இம்மாற்றம் விரைவாக நிகழும். மைதா நெடுநாள் கெடாமல் இருப்பதற்கும் முழுமாவு அவ்வாறு இராமைக்கும் காரணம் இந்த எண்ணெயே.

பொட்டல மாவு ஆலையில் அரைக்கப்பட்டு, கிடங்கு, மொத்த வணிகர், கடை என்னும் படிகளைக் கடந்து வீட்டுக்கு வருகிறது. அதற்குள் சில வாரங்கள் கழிந்திருக்கலாம். சக்கி மாவோ அரைத்த அன்றே வீட்டுக்கு வருகிறது. ஆயினும் சக்கியில் அரைத்தது என்பதற்காகவே மாவு புதிதாக இருந்துவிடாது. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 350 கிராம் அளவு மாவு செலவானால், இரண்டு வாரங்களுக்கு ஐந்து கிலோ போதும். அடிக்கடி செல்வது தொல்லை என்று கருதி இருபது கிலோவை ஒரேயடியாக அரைத்து வைத்தால், கடைசிப் பிடி மாவின் வயது ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகிவிடும். கடைப் பொட்டலத்தைவிட அது புதியது என்று சொல்ல இயலாது. சேமிக்க வேண்டுமானால் கோதுமையாகச் சேமித்து, சிறிது சிறிதாக அரைப்பதே முறை.

அடுத்தது செலவு. சக்கியில் கிலோ 36 ரூபாய்க்குக் கோதுமை கிடைப்பதாகவும், பத்துக் கிலோவை அரைக்கக் கூலி 60 ரூபாய் என்றும் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மொத்தம் 420 ரூபாய். கல், பதர், தூசு ஆகியவற்றைப் பொறுக்கியதில் 200 கிராமும், அரைக்கையில் ஆவியாகவும் தூளாகவும் 200 கிராமும் குறைந்தால், வீட்டுக்கு வருவது 9.6 கிலோ மாவு. அப்படியானால் ஒரு கிலோவின் அடக்கவிலை ஏறத்தாழ 44 ரூபாய். அதே நாளில் பத்துக் கிலோப் பொட்டலத்தின் விலை 460 ரூபாய் எனின், கிலோவுக்கு 46 ரூபாய். சக்கி மாவில் மிச்சம் இரண்டு ரூபாயே.

இப்போது அந்த 9.6 கிலோவைச் சலித்து ஒரு கிலோத் தவிட்டை எறிந்துவிட்டால் என்ன ஆகும்? கொடுத்த பணம் அதே 420 ரூபாய்தான். கையில் இருப்பதோ 8.6 கிலோ. கிலோவுக்கு ஏறத்தாழ 49 ரூபாய் ஆகிவிடுகிறது. மிச்சம் என்று எண்ணியது நட்டமாக மாறுகிறது. மேலும், மத்தியப் பிரதேசத்து ஷர்பதி போன்ற உயர்வகைக் கோதுமையை வாங்கினால், சலிக்காவிட்டாலும் சக்கி மாவின் செலவு பொட்டலத்தை மிஞ்சக்கூடும். ஆகவே சக்கி எப்போதும் மலிவு என்று பொதுவாகக் கூறுவது சரியாகாது. கோதுமையின் வகையையும் எடைக் குறைவையும் சேர்த்துக் கணக்கிட்டே முடிவுக்கு வரவேண்டும்.

மூன்றாவது நார்ச்சத்து. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ஆம் ஆண்டு வெளியிட்ட இந்திய உணவுப் பொருள்களின் அட்டவணைப்படி, 100 கிராம் கோதுமை மாவில் ஏறத்தாழ 11 கிராம் நார்ச்சத்து உள்ளது. மைதாவில் அது மூன்று கிராமுக்கும் குறைவு. தவிட்டின் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு நாரே ஆகும். எனவே மேற்சொன்ன கணக்கில் ஒரு கிலோத் தவிட்டை நீக்கிய மாவில், 100 கிராமுக்கு எட்டுக் கிராம் அளவே நார் எஞ்சும். 30 கிராம் மாவில் ஒரு சப்பாத்தி என நான்கு சப்பாத்தி உண்ணும் சிறுவனுக்குச் சலிக்காத மாவில் 13 கிராம் நார் கிடைக்கும். சலித்த மாவில் கிடைப்பது 9 கிராம். சக்கிவரை நடந்துசென்று அரைத்துவந்த பின்னும் இந்த இழப்பு நேர்வது வீட்டுச் சல்லடையால்தான்.

தவிட்டோடு பிசைந்தால் சப்பாத்தி வறட்டியாகிறது என்பது பலரின் குறை. அதற்குக் காரணம் தண்ணீரும் நேரமும் போதாமையே. தவிடு நீரை மெதுவாக உறிஞ்சும். சற்று இளக்கமாகப் பிசைந்து, ஈரத்துணியால் மூடி அரைமணி நேரம் வைத்தால் தவிடு ஊறி, சப்பாத்தி மென்மையாக வரும். துரும்பும் உமியும் இருக்குமோ என்னும் ஐயம் இருந்தால், பெருங்கண் சல்லடையில் சலித்தால் போதும். தவிடு மாவோடு இறங்கிவிடும்.

சக்கியிலும் குறைகள் உண்டு. வட்டமான இரு கற்களுள் ஒன்று நிற்க, மற்றொன்று சுழல, இடையில் கோதுமை அரைபடுகிறது. அம்மியைப் போலவே இக்கற்களும் தேயும், அவ்வப்போது கொத்தவேண்டும். கொத்திய உடனே அரைத்தால் கல்துகள் மாவில் கலந்து பல்லில் நறநறக்கும். அன்று அரைக்காமல் திரும்பிவிடுவது நல்லது. முன்னர் அரைத்தவரின் கடலை மாவோ கம்பு மாவோ கற்களுக்கிடையே சிறிது தங்கியிருப்பதும் உண்டு. கடலை ஒவ்வாதவர் வீட்டில் இருந்தால் இது பெரிய இடர். கழுவிய கோதுமையை முற்றிலும் உலர்த்தாமல் கொண்டுசென்றால் மாவு கற்களில் அப்பிக்கொள்ளும். வீட்டிலும் விரைவில் பூசணம் பிடிக்கும். ஒரு மணியைக் கடித்தால் டக்கென்று உடையவேண்டும். அதுவே உலர்ந்ததன் அடையாளம். அரைத்த மாவு சூடாக இருக்கும். அதனைப் பரப்பி ஆறவைத்த பின்னரே டப்பாவில் மூடவேண்டும். இல்லையேல் மூடியில் நீர் கோத்து மாவு கட்டிப்படும்.

பொட்டல மாவின் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆலைகளில் காந்தமும் கல்நீக்கும் பொறியும் கொண்டு கோதுமையைத் தூய்மை செய்கின்றனர். ‘+எஃப்’ முத்திரை பெற்ற பொட்டலங்களில் இரும்பு, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவை சேர்க்கப்பட்டுள்ளன. சக்கி மாவில் இச்சேர்க்கை கிடையாது. தனியாக வாழ்பவர்க்கும், பொழுதெல்லாம் பணியில் கழிப்பவர்க்கும், அருகில் சக்கி இல்லாதவர்க்கும் பொட்டலமே பொருந்தும். அவர்கள் இரண்டு செய்திகளைப் படித்து வாங்குதல் வேண்டும். ஒன்று, சேர்பொருள் பட்டியல். எடையில் மிகுந்தது அதில் முதலில் இடம்பெறும். மைதா அங்கே தலைகாட்டக் கூடாது. மற்றொன்று, பொதிந்த நாள். அடுக்கின் முன்வரிசையில் இருப்பதை அப்படியே எடுக்காமல், அண்மையில் பொதிந்ததைத் தேடி எடுக்கலாம். அவ்வாறு எடுத்த முழுக்கோதுமைப் பொட்டலம், சக்கியில் அரைத்து வீட்டில் சலித்த மாவைவிட நார்ச்சத்தில் மேம்பட்டது.

ஆகவே சக்கியா, பொட்டலமா என்று கேட்பதற்கு முன் ஒவ்வொரு வீடும் தன் சல்லடையைப் பார்க்கவேண்டும். தவிட்டை மாவிலேயே விட்டுவைக்கவும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஐந்து கிலோ அரைக்கவும் இயலும் வீட்டுக்குச் சக்கியே சிறந்தது. அவ்விரண்டும் இயலாத வீட்டுக்கு, நாள் பார்த்து வாங்கிய முழுக்கோதுமைப் பொட்டலமே போதும்.

சிந்தித்து எழுதுக

1. அரிசி மாவைச் சலிப்பதற்கும் கோதுமை மாவைச் சலிப்பதற்கும் உள்ள வேறுபாடு யாது?

2. உன் வீட்டருகே கோதுமை, அரைவைக் கூலி, பொட்டல மாவு ஆகியவற்றின் விலையைக் கேட்டறிந்து, கட்டுரையில் உள்ளவாறு கணக்கிடுக.

3. உன் வீட்டுக்கு எந்த மாவு ஏற்றது? காரணங்களுடன் பத்து வரிகளில் எழுதுக.