சுவரில் தங்கிய ஈயம்: கொழும்பின் பழைய வீடுகளும் எமது பிள்ளைகளும்

போரினால் இடம்பெயர்ந்து கொழும்புக்கு வந்த தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவை வாடகை வீடுகளிலேயே வாழ்க்கையைத் தொடங்கின. கொட்டாஞ்சேனையின் பழைய சுவர் வீடுகள், வெள்ளவத்தை ஒழுங்கைகளின் மாடி அறைகள், களனி கங்கையின் வடகரைக் குடியிருப்புகள் என்று அவை பரந்து கிடக்கின்றன. அந்தச் சுவர்களிலும் கதவுகளிலும் பல அடுக்குகளாகப் பூசப்பட்டிருக்கும் பழைய பெயின்றில் ஈயம் இருக்கக்கூடும் என்பது பலருக்கும் தெரியாது.

எனாமல் பெயின்ற் பளபளப்பாகவும் விரைவாகக் காயவும் ஈயச் சேர்மங்கள் கலக்கப்பட்டன. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு நிறங்களில் அது அதிகம். சுற்றாடல் நீதிக்கான நிலையம் சந்தையில் பெயின்ற்களை வாங்கிப் பரிசோதித்து, விடயத்தை உயர் நீதிமன்றம் வரை கொண்டு சென்றது. அதன் பின்னர் 2011 இல் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை வர்த்தமானி அறிவித்தலை வெளியிட்டது. அது 2013 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சிறுவர் விளையாட்டுப் பொருட்களுக்கான பெயின்றில் ஒரு கிலோவுக்கு 90 மில்லிகிராமும், எனாமல் பெயின்றில் 600 மில்லிகிராமும் உச்ச வரம்பாக அதில் குறிக்கப்பட்டன.

இந்த அறிவித்தல் கடையில் விற்கப்படும் பெயின்றையே கட்டுப்படுத்துகிறது. 2013 க்கு முன் சுவரில் ஏறியதை அது தொடவில்லை. 600 என்ற வரம்பும் பெரியது. ஐ.நா. சுற்றாடல் திட்டத்தின் மாதிரிச் சட்டம் எல்லா வகைப் பெயின்றுக்கும் 90 ஐயே பரிந்துரைக்கிறது.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். யன்னல் நிலையிலிருந்து உதிர்ந்த ஒரு செதிலின் எடை 0.1 கிராம் என்று கொள்வோம். 600 வரம்புக்குள் உள்ள பெயின்றாயினும் அதில் 60 மைக்ரோகிராம் ஈயம் இருக்கும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பிள்ளைகளுக்கான உணவை மதிப்பிட நாளொன்றுக்கு 2.2 மைக்ரோகிராமையே அளவுகோலாக வைத்துள்ளது. சட்டத்துக்கு உட்பட்ட ஒரு செதிலே அதனைப் போல 27 மடங்கு. வரம்பில்லாத காலத்துப் பெயின்றில் இது இன்னும் பல மடங்காக இருக்கலாம்.

வளர்ந்தவரின் குடல் உணவிலுள்ள ஈயத்தில் பத்தில் ஒரு பங்கு வரையே உறிஞ்சும். சிறு பிள்ளையின் குடல் பாதியளவை உறிஞ்சிவிடும். இரும்புச்சத்தோ கல்சியமோ குறைந்த பிள்ளைக்கு இது மேலும் கூடும். உடலில் சேர்ந்த ஈயம் எலும்பில் பல ஆண்டுகள் தங்கும். கற்றலும் கவனமும் பாதிக்கப்படும். ஆனால் வெளியில் ஓர் அறிகுறியும் தெரியாமலே இருக்கலாம். ஆகவே இரத்தப் பரிசோதனை மட்டுமே உறுதியான வழி. விரலில் குத்தி எடுத்த இரத்தத்தில் அளவு கூடுதலாக வந்தால், நாளத்திலிருந்து எடுத்து மீண்டும் பார்க்க வேண்டும். ஏனெனில் விரலில் ஒட்டிய தூசியும் கணக்கில் சேர்ந்துவிடும்.

பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை. ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 45 ஐ எட்டினால் ஈயத்தை வெளியேற்றும் மருந்து தேவைப்படும். ஆனால் மூலத்தை அகற்றாமல் மருந்து மட்டும் கொடுத்தால் அளவு மீண்டும் ஏறிவிடும்.

வாடகை வீட்டில் மிக ஆபத்தான நாள், வீட்டுக்காரர் பெயின்ற் அடிக்க ஆள் விடும் நாள்தான். உலர்ந்த சுவரை மண்கடதாசியால் தேய்க்கும்போதும், பழைய பெயின்றைச் சூடாக்கி உரிக்கும்போதும் ஈயம் தூசியாகவும் புகையாகவும் அறை முழுவதும் பரவும். சுவரை நனைத்தே சுரண்டச் சொல்லுங்கள். கீழே பொலித்தீன் விரித்து, செதில்களை அதிலேயே சுருட்டி அகற்றுங்கள். முடியும்வரை பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் வேறிடத்தில் இருக்கட்டும். பின்னர் விளக்குமாற்றால் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். உதிராமல் உறுதியாக இருக்கும் பெயின்றைச் சுரண்டத் தேவையில்லை. அதன்மேல் புதிதாகப் பூசினால் போதும்.

பழைய பற்றரி உடைக்கும், ரேடியேற்றர் ஒட்டும், வலைக்கு ஈயக்குண்டு வார்க்கும் தொழிலாளர் உடையிலேயே ஈயத்தை வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். செனகலின் தலைநகர் டக்கார் புறநகரில் 2007, 2008 இல் பற்றரிக் கழிவால் 18 பிள்ளைகள் இறந்தனர். உடை மாற்றி, குளித்த பிறகே பிள்ளையைத் தூக்க வேண்டும். அந்த உடையைத் தனியாகத் துவைக்க வேண்டும். வீட்டு அடுப்பில் ஈயம் உருக்கவே கூடாது.

குடிநீரில் பழைய பித்தளைக் குழாய்த்தலைகளும் ஈயப் பற்றாசு இட்ட மூட்டுகளும் ஈயத்தைக் கலக்கலாம். இரவெல்லாம் தேங்கிய நீரைக் காலையில் சற்று ஓடவிட்டுப் பிடியுங்கள்; அது பாத்திரம் கழுவ உதவும். கொதிக்க வைப்பது கிருமியைக் கொல்லும். ஈயத்தைப் போக்காது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும்.

இலங்கையில் 2002 இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டபோது, எந்தக் குடும்பமும் தனியாக எதையும் செய்ய வேண்டியிருக்கவில்லை. சுவர்களுக்கு அப்படியொரு முடிவு இன்னும் வரவில்லை. பழைய பெயின்றை யார் செலவில், எப்படி அகற்றுவது என்பதற்கு விதி வரும்வரை, வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியவர் வாடகைக்கு இருப்பவர்தான்.