இடது கைக்குப் பம்பரம் சுற்றுமா?

லீவுக்குப் பெங்களூரில் இருந்து அக்கா மகன் வந்திருக்கிறான். ஒன்பது வயது. மதுரைப் பக்கம் இருக்கும் எங்கள் ஊரில் இறங்கியதும் வைஃபை பாஸ்வேர்டு கேட்டான். தாத்தா பதில் சொல்லாமல் சந்தையில் இருந்து ஒரு மரப் பம்பரமும் சாட்டையும் வாங்கி வந்து கொடுத்துவிட்டார்.

மூன்று நாள் விட்டுப் பார்த்தான். ஒருமுறைகூட நிற்கவில்லை. பக்கவாட்டில் விழுந்து, உருண்டு, மாட்டுத் தொட்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. “சித்தி, இது மேனுஃபேக்சரிங் டிஃபெக்ட்” என்று தீர்ப்பும் சொன்னான்.

நானும் பம்பரத்தைத்தான் சந்தேகப்பட்டேன். அதற்கு ஒரு சோதனை உண்டு. சுற்றத் தெரிந்தவர் ஒருவர் விட்டு, சுற்றும்போதே உள்ளங்கையில் ஏந்திப் பார்க்க வேண்டும். ஆணி நடுவில் இருந்தால் கையில் லேசாகக் கிச்சுகிச்சு மூட்டும். சற்றே தள்ளி அடித்திருந்தால் பம்பரம் உதறும், கையைக் குத்தும். தாத்தா விட்டுக் காட்டினார். கைமேல் அசையாமல் நின்று சுற்றியது. பம்பரத்தில் குறை இல்லை. ஆணி மட்டும் புதுசு, கொஞ்சம் கூர். தரையில் குத்தி நின்றுவிடும் என்று கல்லில் நாலு தேய் தேய்த்துக் கொடுத்தார்.

அடுத்து, சுற்றும் விதம். சாட்டையின் நுனியை ஈரமாக்கி, பம்பரத்தின் உடம்பில் கட்டை விரலால் அழுத்திப் பிடித்து, ஆணிக்குக் கொண்டுபோய் ஒரு சுற்று இறுக்கிவிட்டு, அங்கிருந்து மேல்நோக்கி வரிவரியாகச் சுற்ற வேண்டும். ஒரு வரிமேல் இன்னொரு வரி ஏறினால் விடும்போது அங்கேயே சிக்கும். சாட்டையின் மறுமுனையில் முடிச்சு. எங்கள் காலத்தில் சோடா மூடியைத் தட்டையாக்கி, ஓட்டை போட்டுக் கோத்திருப்போம், விரல் இடுக்கை விட்டு நழுவாது. பையன் இதையெல்லாம் சரியாகத்தான் செய்திருந்தான். யூடியூப் பார்த்திருக்கிறான்!

நான்காம் நாள் காலை, அவன் இட்லி சாப்பிடாமல் இடது கையால் ஸ்பூனைச் சுழற்றிக்கொண்டு இருந்ததைத் தாத்தா பார்த்தார். “ஏலே, நீ இடதுகைக்காரன்ல!”

விஷயம் இதுதான். வலது கையால் விடுகிறவர்களுக்கு ஒரு திசையில் சுற்ற வேண்டும். இடது கைக்கு அதற்கு நேர் எதிர்த்திசை, கண்ணாடியில் பார்ப்பதுபோல. அவன் வீடியோவைப் பார்த்து வலது கைக்காரர் மாதிரியே சுற்றி, இடது கையால் விட்டிருக்கிறான். மணிக்கட்டு ஒரு பக்கம் வீச, அவிழும் சாட்டை பம்பரத்தை இன்னொரு பக்கம் இழுத்திருக்கிறது. பிறகு எங்கே நிற்பது?

தாத்தா திருப்பிச் சுற்றிக் கொடுத்தார். ஆணியை மேலே பார்க்கப் பிடித்து ஓங்கி விடுவது பழகியவர்களுக்கு. இவனுக்கு ஆணி கீழே இருக்கும்படி பிடித்து, இடுப்பு உயரத்தில் முன்னால் வீசி, தரையைத் தொடுவதற்கு முன் கையைப் பின்னால் வெடுக்கென இழுக்கச் சொன்னார். ஐந்தாவது தடவை நின்றது. வீடே அதிர்ந்தது, அவன் கத்தலில். ஒரு எச்சரிக்கை: விடுகிறவருக்கு முன்னாலும் பின்னாலும் சின்னப் பிள்ளைகள் நிற்கக் கூடாது. நழுவிய பம்பரம் எந்தப் பக்கம் வரும் என்று சொல்ல முடியாது. டைல்ஸ் தரையிலும் வேண்டாம், அக்கா அதற்கு ஏற்கெனவே திட்டு வாங்கிவிட்டாள்.

வட்டம் போட்டு, உள்ளே இருக்கும் பம்பரத்தைக் குத்தி வெளியேற்றும் ஆட்டத்துக்கு அவனுடைய புதுப் பம்பரத்தை வைக்க விடவில்லை. குத்துப்பட்டுப் பிளந்தால் அன்றைக்கு யாரும் தூங்க முடியாது. அதற்கென்று தாத்தாவின் பழைய பம்பரம் ஒன்று உடம்பெல்லாம் தழும்போடு இருக்கிறது.

கோலியில் இந்தச் சிக்கல் பாதிதான். பெருவிரலைத் தரையில் ஊன்றி, நடுவிரல் நுனியில் கோலியை வைத்து, மறு கையால் அந்த விரலைப் பின்னுக்கு இழுத்து விடுகிறோம். எந்தக் கை ஊன்றுவது, எந்தக் கை இழுப்பது என்று மாற்றி மாற்றிப் பார்த்து அவனே முடிவு செய்துகொண்டான். பக்கத்து வீட்டில் தவழும் குழந்தை இருப்பதால், ஆட்டம் முடிந்ததும் கோலிகளை எண்ணி டப்பாவில் போடுவது அவன் பொறுப்பு.

ஸ்கிப்பிங் கயிறு “பொண்ணுங்க விளையாட்டு” என்றான். மாமா மகள் ஐம்பது குதித்துக் காட்டியதும் வாயை மூடிக்கொண்டான். அவன் கயிறு நீளம் அதிகம். கயிற்றின் நடுவில் ஒரு காலால் மிதித்து இரு முனையையும் தூக்கினால் கைப்பிடி அக்குள் வரை வந்தால் போதும். இவனுக்குக் காதுவரை வந்தது. இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டுக் குறைத்தோம். பதினொன்று வரை வந்திருக்கிறான்.

நேற்று ஊருக்குப் போய் வீடியோ காலில் வந்தான். அபார்ட்மென்ட் பார்க்கிங்கின் சிமென்ட் தரையில் பம்பரம் சுற்றுகிறது. “சித்தி, வாட்ச்மேன் அங்கிளும் விடணும்கறாரு. அவர் வலது கை. நான் எந்தப் பக்கம் சுத்திக் குடுக்கணும்?”